டார்க் முதல் சீசன், ஒரே வாரக்கடைசி: எங்கே நிறுத்தினால் சலிக்காது?

கீர்த்தி_மதுரை | வியாழன், இரவு 8:10

வணக்கம். நெட்ஃபிளிக்ஸில் இருக்கிற ஜெர்மன் சீரிஸ் டார்க், முதல் சீசன் மட்டும் இந்த வாரக்கடைசியில் பார்க்கலாம்னு நானும் என் தம்பியும் முடிவு பண்ணியிருக்கோம். வெள்ளி இரவு 9 மணிக்கு ஆரம்பிக்கலாம், ஞாயிறு இரவு 9-க்குள் முடியணும். பத்து எபிசோடு. முடிக்கிறது பெரிய விஷயம் இல்லைன்னு தெரியும். கடைசி மூணு எபிசோடு வரும்போது தலை கனத்துப்போய், எப்படா முடியும்னு உட்கார்ந்திருக்கக் கூடாது. எத்தனை எபிசோடுக்கு ஒருமுறை இடைவெளி விடணும்? ஸ்பாய்லர் இல்லாமல் சொல்லுங்க, ப்ளீஸ்.

ரமேஷ்78 | வியாழன், இரவு 8:31

மொத்தம் மூணு சீசன், 10 + 8 + 8 = 26 எபிசோடு. எபிசோடுக்கு சுமார் ஒரு மணி நேரம்னு வெச்சா 25, 26 மணி நேரம். வெள்ளி ராத்திரி 5, சனிக்கிழமை 11, ஞாயிறு 10. தாராளமா முடிச்சிடலாம். 1.5 வேகத்துல ஓட்டினா சனிக்கிழமை ராத்திரியே கிட்டத்தட்ட முடிச்சிடுவீங்க.

இருட்டறை | வியாழன், இரவு 8:58

ரமேஷ் சார், கீர்த்தி கேட்டது முதல் சீசன் மட்டும். வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெட்ஃபிளிக்ஸின் ஆங்கில சப்டைட்டிலுக்கு உச்ச வரம்பு வினாடிக்கு 20 எழுத்து. அதை 1.5 மடங்கு வேகத்தில் ஓட்டினால் சில வரிகள் வினாடிக்கு 30 எழுத்து வரை போகும். கண் எழுத்திலேயே நின்றுவிடும், முகத்துக்கு ஏறாது. முகத்தைப் பார்க்காவிட்டால் இந்த சீரிஸில் ஒன்றுமே கிடையாது. ஒரே ஆளை வெவ்வேறு வயதில் வெவ்வேறு நடிகர்கள் செய்கிறார்கள். அவர்களை அடையாளம் பிடிப்பதுதான் பாதிச் சுவாரசியம்.

கீர்த்தி, இடைவெளியை எபிசோடு எண்ணிக்கை வைத்துப் போட வேண்டாம். கதை எங்கே திரும்புகிறதோ அங்கே போடுங்கள். டார்க் களைப்பைத் தருவது நீளத்தால் இல்லை. எபிசோடுகள் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணிக்குச் சற்றுக் குறைவு வரை, மொத்தம் எட்டேகால் மணி நேரம் போலத்தான் வரும். புது ஆட்களும் புது வருடமும் ஒன்றாக வந்து விழும்போதுதான் மண்டை நிரம்புகிறது. அது நடப்பது இரண்டு இடத்தில். 3-வது எபிசோடு கிட்டத்தட்ட முழுக்க 1986-இல் நடக்கிறது. 8-வதில் 1953 திறக்கிறது. இந்த இரண்டையும் தூங்கி எழுந்த தலையோடு பார்க்க வேண்டும். மற்றதை இதைச் சுற்றி அடுக்கினால் போதும்:

வெள்ளி 9:00 முதல் 10:40 வரை 1, 2. அதோடு படுக்கை.
சனி காலை 10 மணிக்கு 3, 4, 5. நடுவில் இரண்டு தடவை பத்துப் பத்து நிமிடம். 12:45-க்குள் முடியும்.
சனி இரவு 7 மணிக்கு 6, 7. ஒன்பது மணிக்கு டிவியை அணைத்துவிடலாம்.
ஞாயிறு காலை 10:30-க்கு 8, 9.
ஞாயிறு மாலை 6 மணிக்கு 10 மட்டும், தனியாக.

சனிக்கிழமை 5-க்கும் 6-க்கும் நடுவில் ஆறு மணி நேரம் விட்டிருப்பது வேண்டுமென்றேதான். ஐந்தாவதின் கடைசி நிமிடங்களில் ஒரு விஷயம் தெரியவரும். அதுவரை பார்த்த நாலு எபிசோடையும் மனதுக்குள் திருப்பி ஓட்டிப் பார்க்க வைக்கும் விஷயம் அது. உங்கள் தம்பியோடு பேசிக்கொண்டே சாப்பிட அதைவிட நல்ல இடம் இந்த சீசனில் இல்லை. உடனே ஆறாவதைப் போட்டால் அந்த ஒரு மணி நேரப் பேச்சு போச்சு.

பூங்குழலி | வியாழன், இரவு 9:20

இடைவெளி விட்டுப் பார்க்கணும் என்பதோடு ஒத்துப்போகிறேன். ஆனால் தொடர்ந்து பார்த்தால் எதுவுமே நினைவில் நிற்காது என்பதையும் சேர்த்துச் சொல்லணும். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் ஆய்வே செய்திருக்கிறார்கள், 2017-இல் வந்தது. ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் மோசம். அதனால் நாளுக்கு ஒன்று பார்ப்பதுதான் சரி. வாரக்கடைசியில் பத்து எபிசோடு என்பதே தப்பு என்பேன்.

இருட்டறை | வியாழன், இரவு 9:44

பூங்குழலி, அந்த ஆய்வு சொன்னதில் பாதியைத்தான் நீங்கள் சொல்கிறீர்கள். ஆறு மணி நேர சீரிஸ் ஒன்றை ஒரு குழு ஒரே நாளில் பார்த்தது, ஒரு குழு தினம் ஒன்று, ஒரு குழு வாரம் ஒன்று. மறுநாள் சோதித்தபோது ஒரே மூச்சில் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. மாதங்கள் போகப்போக அவர்களுடைய ஞாபகம்தான் வேகமாகச் சரிந்தது. ரசித்ததாகச் சொன்ன அளவும் அவர்களுக்குக் குறைவு. அது சின்ன ஆய்வு, கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தது. அதனால் அதை வேதவாக்காக எடுக்க மாட்டேன்.

கீர்த்திக்கு அதில் உபயோகமானது ஒன்று உண்டு. டார்க்கில் முதல் எபிசோடில் போகிறபோக்கில் காட்டிய பொருள் ஒன்பதாவதில் திரும்ப வரும். இரண்டுக்கும் நடுவில் இரண்டே நாள் என்றால் 'அட, அது இதுதானே' என்று சட்டென்று பிடிபடும். வாரம் ஒன்றாகப் பார்ப்பவருக்கு அது நழுவிவிடும். அதனால் இந்த சீரிஸுக்கு வாரக்கடைசி பொருத்தம்தான், ஒரே நாள்தான் பொருந்தாது. நடுவில் இரண்டு இரவுத் தூக்கம் கட்டாயம்.

பூங்குழலி | வியாழன், இரவு 9:52

மறுநாள் விஷயம் எனக்குத் தெரியாது, திருத்திக்கொள்கிறேன். ரசிப்பு குறைவு என்பதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மணிகண்டன்_க | வியாழன், இரவு 10:15

அட்டவணை போட்டாலும் ஆட்டோப்ளே இருக்கிறவரைக்கும் வேலைக்காகாதும்மா. இந்த சீரிஸில் எபிசோடு முடியும்போது பெரும்பாலும் ஒரு பாட்டு ஓடும், வசனம் இல்லாமல் ஒவ்வொரு வீடாகக் காட்டுவார்கள். அது அடங்கி எழுத்து ஓட ஆரம்பித்ததும் திரை சுருங்கி, சில வினாடியில் அடுத்தது தொடங்கிவிடும். நிறுத்தலாமா வேண்டாமா என்று யோசிக்கிறதுக்குள் அடுத்த எபிசோடின் முதல் காட்சிக்குள் இருப்பீர்கள். பாட்டு மனதில் இறங்கக்கூட நேரம் இருக்காது.

இதை டிவியில் தேடாதீர்கள். கம்ப்யூட்டர் பிரவுசரில் Account போய், உங்கள் ப்ரொஃபைலைத் திறந்து, Playback settings உள்ளே "Autoplay next episode in a series on all devices" என்ற டிக்கை எடுத்துவிட்டு சேமியுங்கள். டிவியில் வேறு ப்ரொஃபைலுக்கு மாறிவிட்டுத் திரும்ப வந்தால் மாற்றம் பிடித்துக்கொள்ளும். ப்ரொஃபைல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. தம்பியோட ப்ரொஃபைலில் போட்டுவிட்டு உங்களுடையதில் மாற்றிப் பிரயோஜனம் இல்லை.

'இன்னும் பார்க்கிறீர்களா' என்று தானாகவே கேட்குமே, அது போதுமே என்று சிலர் நினைக்கிறார்கள். ரிமோட்டில் ஒரு பட்டனைத் தொட்டாலே அது முதலிலிருந்து எண்ண ஆரம்பித்துவிடும். அதை நம்ப வேண்டாம்.

கீர்த்தி_மதுரை | வியாழன், இரவு 10:30

ஆட்டோப்ளே இப்பவே எடுத்துட்டேன், நன்றி அண்ணே. இருட்டறை, ஆட்கள் நிறைய பேர்னு சொன்னீங்க. பேர் ஞாபகம் வெச்சுக்க இணையத்துல குடும்ப மரம் படம் கிடைக்குமே, அதைப் பக்கத்துல வெச்சுக்கலாமா?

இருட்டறை | வியாழன், இரவு 10:51

வேண்டவே வேண்டாம். தேடல் பக்கத்தில் வருகிற சிறிய படத்திலேயே சீசனின் பெரிய முடிச்சு அவிழ்ந்துவிடும். மூன்றாவது சீசன் வந்தபோது dark.netflix.io என்று அவர்களே ஒரு தளம் வைத்தார்கள். எந்த எபிசோடு வரை பார்த்திருக்கிறோம் என்று கேட்டு, அதுவரைக்குமான விஷயத்தை மட்டும் காட்டியது. அது இன்னும் திறந்தால் அது ஒன்றுதான் பாதுகாப்பு.

அதைவிட ஒரு ஏ4 தாள் மேல். குறுக்கே மூன்று வரிசை: 2019, 1986, 1953. நெடுக்கே நான்கு பத்தி: கான்வால்ட், நீல்சன், டோப்லர், டீடமன். கதை இந்த நாலு குடும்பத்துக்குள்தான் சுற்றுகிறது. வெள்ளி இரவு 2019 வரிசையை மட்டும் நிரப்புங்கள். பெயர், பக்கத்தில் அடையாளம் ஒன்று. 'உல்ரிக், போலீஸ்', 'ஷார்லட், போலீஸ், உல்ரிக்கோடு வேலை', 'ரெகினா, ஹோட்டல்', 'யோனாஸ், மஞ்சள் மழைக்கோட்டு' என்ற அளவு போதும். முதல் இரண்டு எபிசோடில் எல்லாப் பெயரும் பிடிபடாது. பிடிபடாததுக்குக் கேள்விக்குறி போட்டுவிட்டுப் போங்கள்.

மூன்றாவதில்தான் தாள் வேலை செய்யும். அந்த எபிசோடில் ஓர் இடத்தில் திரையை இரண்டாகப் பிரித்து, ஒரே ஆளின் 1986 முகத்தையும் 2019 முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார்கள். அது ஓடும்போது எழுதாதீர்கள், முழுசாகப் பாருங்கள். எபிசோடு முடிந்ததும் அந்த இடத்துக்கு மட்டும் திரும்பப் போய், ஒவ்வொரு ஜோடியாக நிறுத்தி 1986 வரிசையை நிரப்புங்கள். பத்து நிமிடம் ஆகும். அட்டவணையில் முதல் இடைவெளி அதற்குத்தான். இந்தப் பத்து நிமிடம் செலவு பண்ணாதவர்கள்தான் ஆறாவது எபிசோடு வரும்போது 'இவன் யாரு, அவனோட அப்பாவா?' என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துகிறார்கள். களைப்பு அந்த நிறுத்தத்தில்தான் வருகிறது.

1953 வரிசையை ஞாயிறு காலை வரை காலியாகவே விடுங்கள்.

ரமேஷ்78 | வெள்ளி, காலை 7:05

மூணு சீசன்னு நினைச்சுட்டேன், மன்னிக்கணும். ஆனா 1953 வரிசைல ஹெல்கே பேரை முதல்லயே எழுதி வெச்சுக்கோங்க, ஏன்னா அவன்தான் [இந்தப் பகுதி நீக்கப்பட்டது: மணிகண்டன்_க]

மணிகண்டன்_க | வெள்ளி, காலை 7:12

ரமேஷ் சார், கேட்டவங்க ஸ்பாய்லர் வேண்டாம்னு முதல் பதிவிலேயே எழுதியிருக்காங்க. அந்த வரியை எடுத்துட்டேன்.

ரமேஷ்78 | வெள்ளி, காலை 7:20

சரிங்க, தப்புதான்.

ஒளிவிளக்கு | வெள்ளி, காலை 9:40

அட்டவணையில் யாரும் பார்க்காத ஒன்று இருக்கிறது: வெளிச்சம். இந்த சீரிஸ் பெரும்பாலும் மழை, குகை, காடு, இரவு. காலை பத்து மணிக்கு ஜன்னல் திறந்திருக்கிற அறையில் குகைக் காட்சி ஓடினால் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். அப்போது எல்லோரும் செய்வது பிரகாசத்தை நூறுக்கு ஏற்றுவது. அதையே இரவு 7 மணிக்கும் அப்படியே விட்டால் எழுத்து வெள்ளை வெளேரென்று அடிக்கும், ஒரு மணி நேரத்தில் புருவத்துக்கு மேலே வலி தொடங்கும். சீரிஸ் இழுக்குதுன்னு நினைப்பீர்கள், உண்மையில் களைத்தது கண்தான்.

காலையில் திரைச்சீலையை இழுத்துவிடுங்கள், பிரகாசத்தைத் தொடாதீர்கள். இரவில் மொத்த விளக்கையும் அணைக்காமல், டிவிக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி ஒரு சின்ன விளக்கு வையுங்கள். படத்தின் தன்மையை 'விவிட்' என்பதிலிருந்து 'சினிமா' அல்லது 'மூவி'க்கு மாற்றுங்கள். சப்டைட்டில் தோற்றத்தையும் அதே கணக்குப் பக்கத்தில் மாற்றலாம்: வெள்ளைக்குப் பதில் மஞ்சள், அளவு நடுத்தரம். பெரிய எழுத்து நல்லது என்று தோன்றும், ஆனால் அது முகத்தை மறைக்கும், கண்ணும் அதிகம் ஓட வேண்டும்.

தலைப்புக் காட்சியைத் தாண்டிவிடாமல் அந்த ஒன்றரை நிமிடம் ஜன்னலுக்கு வெளியே தூரத்தைப் பாருங்கள். பத்து எபிசோடுக்கு அதுவே கால் மணி நேர ஓய்வு.

பூங்குழலி | வெள்ளி, காலை 10:02

தலைப்புக் காட்சியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பதா! அந்தக் கண்ணாடிப் பிம்பங்கள்தான் கதையே. முதல் தடவையாவது பாருங்கள் கீர்த்தி.

செல்வி_அக்கா | வெள்ளி, காலை 11:25

எனக்கும் ஒரு சந்தேகம். எனக்கு ஞாயிறு மட்டும்தான் லீவு, அதுவும் குழந்தை தூங்கும்போது இரண்டு இரண்டு மணி நேரமாகத்தான் கிடைக்கும். ஆங்கிலம் வேகமாகப் படிக்க வராது. டப்பிங்கில் பார்த்தால் களைப்பு குறையுமா? ஒரு நாளில் எதுவரை போகலாம்?

இருட்டறை | வெள்ளி, மதியம் 12:10

அக்கா, இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு எபிசோடு சரியாக உட்காரும். உங்களுக்கு ஞாயிறு 1, 2 ஒரு தடவை, 3, 4 இன்னொரு தடவை. அதோடு நிறுத்திவிட்டு, வார நாளில் இரவுக்கு ஒன்றாக 5, 6, 7. அடுத்த ஞாயிறுக்கு 8, 9, 10. நாலாவதில் நிறுத்துவதில் நஷ்டமில்லை, 5-ஐ தனியாகப் பார்ப்பது லாபம்.

டப்பிங்கில் படிக்கிற வேலை போகும், அது உண்மை. ஆனால் வாயசைவும் குரலும் ஒட்டாது. அந்த நடிகர்கள் அதிகம் பேசாமல் முகத்திலேயே செய்கிறவர்கள், அங்கே அந்நியக் குரல் வந்து உட்காரும்போது பொம்மை மாதிரி ஆகிவிடும். எனக்கு மூலம்தான். ஆனால் சப்டைட்டிலைத் துரத்திக்கொண்டே முகத்தைத் தவறவிடுவதானால், உங்களுக்கு டப்பிங்தான் சரி.

எல்லோரும் ஒன்று சரிபாருங்கள். சில டிவியில் தானாகவே ஆங்கில டப்பிங்தான் ஓட ஆரம்பிக்கும். ஒலியில் German [Original], எழுத்தில் வெறும் English என்று வையுங்கள். 'CC' போட்ட ஆங்கிலம் பொதுவாக டப்பிங் வசனத்தை ஒட்டி இருக்கும், ஜெர்மன் பேச்சோடு தாளம் தப்பும். கேட்பதும் படிப்பதும் பொருந்தாமல் போகிற அந்த எரிச்சல் எதனால் என்றே பலருக்குத் தெரிவதில்லை.

கீர்த்தி_மதுரை | வெள்ளி, மதியம் 1:05

எங்களுடையதிலும் டப்பிங்தான் வந்தது, மாற்றிட்டேன். இன்னும் ரெண்டு கேள்வி. சனிக்கிழமை மதியம் வீட்டில் பிரியாணி. அதுக்கப்புறம் மூணு மணிக்கு 6 போடலாமா? அப்புறம், சஸ்பென்ஸில் நிறுத்த தம்பி ஒத்துக்கவே மாட்டான், அதுக்கு என்ன வழி?

மணிகண்டன்_க | வெள்ளி, மதியம் 1:40

பிரியாணிக்குப் பிறகு மூணு மணி கூடவே கூடாதும்மா. இருட்டு அறை, மழைச் சத்தம், மெதுவான பேச்சு, நிறைந்த வயிறு. இருபது நிமிடத்தில் ஒருத்தர் கண் அசந்துவிடுவார். பிறகு எழுந்து 'எங்கே விட்டேன்' என்று பின்னால் தள்ளுவார், மற்றவர் ஏற்கெனவே பார்த்ததைத் திரும்பப் பார்ப்பார். ரெண்டு பேர் சேர்ந்து பார்ப்பது கெடுவது இப்படித்தான். சாப்பிட்டுவிட்டு நிஜமாகவே தூங்குங்கள், நாலு மணிக்குக் கடைசி டீ, கொஞ்சம் வெளியே நடை, ஏழு மணிக்கு டிவி.

சஸ்பென்ஸுக்கு ஒரு வழி: எபிசோடு முடிவில் நிறுத்தாதீர்கள். அடுத்ததில் எட்டு, பத்து நிமிடம் போய், கொக்கி அவிழ்ந்து ஒரு அமைதியான காட்சி வரும்போது நிறுத்துங்கள். எபிசோடின் வாலில் கட்டுவது அடுத்ததைப் போட வைக்கத்தான், அந்த இழுப்பு நடுவில் இருக்காது. தம்பியும் பேசாமல் எழுந்துவிடுவான்.

பூங்குழலி | வெள்ளி, மதியம் 2:15

இதற்கு முழு எதிர்ப்பு. டார்க்கில் ஒவ்வொரு எபிசோடும் ஒரு முன்காட்சி, தலைப்பு, கடைசியில் பாட்டு என்று மூடி செய்யப்பட்டது. பத்தாவது நிமிடத்தில் வெட்டினால் அந்த முன்காட்சி அனாதையாக நிற்கும். மறுநாள் திரும்ப முதலிலிருந்து போட வேண்டியிருக்கும்.

இருட்டறை | வெள்ளி, மதியம் 2:50

இதில் நான் நடுவில். வேறு பல சீரிஸுக்கு மணிகண்டன் அண்ணன் சொல்வது அருமையான வழி. இங்கே 5-க்கும் 7-க்கும் பிறகு கண்டிப்பாக வேண்டாம், அந்த முடிவுகள் மனதில் ஊற வேண்டியவை. 2-க்குப் பிறகு வெள்ளி இரவு தம்பி அடம்பிடித்தால் செய்து பாருங்கள். ஆனால் 3-வதின் தொடக்கமே 1986, சனி காலை அதை முதலிலிருந்து போடத் தயாராக இருங்கள்.

அட்டவணையைவிட உங்கள் கண்ணை நம்புங்கள் என்பதற்கு ஓர் அடையாளம் சொல்கிறேன். சப்டைட்டிலைப் படித்து முடித்திருப்பீர்கள், ஆனால் அதைச் சொன்னது யார் என்று தெரியாது. ஒருமுறை நடந்தால் சாதாரணம். ஒரே காட்சியில் இரண்டாம் முறை நடந்தால் அந்த எபிசோடோடு நிறுத்துங்கள், அட்டவணையில் இன்னொன்று பாக்கி இருந்தாலும் சரி. சனி இரவு 6-வதில் இது வந்தால் 7-வதை ஞாயிறு காலை 9:30-க்குத் தள்ளலாம், அதற்கு இடம் இருக்கிறது. ஞாயிறு காலை 8-வதில் வந்தால் 9-வதை மாலைக்கு எடுத்துக்கொண்டு 5 மணிக்கே தொடங்குங்கள். பத்தாவதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் இரவு எட்டு மணிக்கு மேல் தள்ளாதீர்கள். அது முடியும்போது கேள்விகள் கூடித்தான் இருக்கும், குறையாது. பேச ஒரு மணி நேரமாவது கையில் இருக்க வேண்டும்.

கீர்த்தி_மதுரை | வெள்ளி, மாலை 6:20

தாள் கோடு போட்டாச்சு, டிவிக்குப் பின்னாடி விளக்கும் வெச்சாச்சு. தம்பி தலைப்புக் காட்சி பார்ப்பேங்கிறான், நான் ஜன்னல். ஒண்ணு மட்டும்: ரெண்டாவது சீசனை அடுத்த வாரக்கடைசியே ஆரம்பிக்கலாமா, இல்ல ஒரு வாரம் விடணுமா?

இருட்டறை | வெள்ளி, மாலை 6:45

அடுத்த வாரமே. அந்தத் தாளைத் தூக்கி எறியாதீர்கள், அதில் இன்னும் வரிசைகள் சேர்க்க வேண்டி வரும்.

பூங்குழலி | வெள்ளி, மாலை 6:58

நான் இரண்டு வாரம் என்பேன். இரண்டாவது சீசனில் கதையும் சில மாதம் தள்ளித்தான் தொடங்குகிறது.